உடைந்த சப்போர்ட்டில் ரீடெஸ்ட் சொதப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சப்போர்ட் உடைந்தால் அதுவே ரெசிஸ்டன்ஸ் ஆகும் என்பது சார்ட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். உடைந்து கீழே போன விலை திரும்பி வந்து அதே இடத்தில் முட்டும்போது, அதாவது ரீடெஸ்ட்டில், ஷார்ட் போகலாம், அல்லது மாட்டிக்கொண்ட பங்கை விற்று வெளியேறலாம் என்பதும் தெரியும். என்னிடம் சார்ட்டை நீட்டுகிறவர்கள் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி: "எல்லாம் சரியாகத்தானே செய்தேன், அப்புறம் ஏன் அடி வாங்கினேன்?"

இந்தக் கேள்வி நாலைந்து வடிவங்களில்தான் வருகிறது. அவற்றை அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணத்தைத் தின்னும் காரணம் கடைசியில் வரும். எல்லாமே தினசரி சார்ட்டுக்குச் சொல்வது. ஐந்து நிமிட சார்ட்டில் இதே கணக்கைப் போட்டால் பொய்யான ரீடெஸ்ட்தான் அதிகம் கிடைக்கும்.

## எதற்கும் முன்: கோடா, பட்டையா?

சப்போர்ட்டை ஒற்றைக் கோடாக வரைந்திருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள். விலை எந்தெந்த அடிகளில் இருந்து திரும்பியதோ, அவற்றில் மிகத் தாழ்ந்ததும் உயர்ந்ததும் சேர்ந்து ஒரு பட்டை ஆகும்.

2022இன் நிஃப்டியை எடுத்துக்கொள்வோம். கீழே இதே உதாரணம்தான் விரிவாக வரப்போகிறது. அந்த ஆண்டு மார்ச் 8 அன்று நிஃப்டியின் அடி 15,671. மே 12, 13 தேதிகளில் அடி 15,740 அருகே. ஆக சப்போர்ட் என்பது 15,670 முதல் 15,740 வரை உள்ள பட்டை. "15,700 உடைந்தது" என்று பேசியவர்களில் பாதிப் பேர் ஜூன் 14 அன்றே ஷார்ட் போயிருப்பார்கள். அன்று நிஃப்டி 15,660 வரை இறங்கிவிட்டு 15,732இல், அதாவது பட்டைக்குள்ளேயே, முடிந்தது. உடைவு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பட்டையின் அகலம் அந்தப் பங்கின் ஒருநாள் சராசரி வீச்சைவிட அதிகமாகிவிட்டால் அது சப்போர்ட்டே இல்லை, நீங்கள் தேடிப் பிடித்த ஒன்று. வேறு இடம் பாருங்கள்.

## அறிகுறி 1: என் சார்ட்டில் உடைந்திருக்கிறது, இன்னொருவர் சார்ட்டில் உடையவில்லை

இதில் சந்தையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விலைத் தரவைச் சரிபார்த்தால் போதும்.

போனஸ், ஸ்ப்ளிட், டிவிடெண்ட். ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று 1:1 போனஸுக்குப் பின்னான விலையில் வர்த்தகமானது. 2,650 ரூபாய்ப் பக்கம் இருந்த பங்கு 1,330களில் தெரிந்தது. சரிக்கட்டாத சார்ட்டில் எல்லா சப்போர்ட்டும் ஒரே நாளில் நொறுங்கியதுபோல் இருக்கும். இவ்வளவு பெரிய மாற்றம் யார் கண்ணுக்கும் தப்பாது. சிறிய மாற்றங்கள்தான் ஏமாற்றும். 400 ரூபாய்ப் பங்கு 20 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால், எக்ஸ் தேதியன்று யாரும் பயந்து விற்காமலேயே 380 அருகே திறக்கும். 390இல் இருந்த சப்போர்ட் உடைந்ததாகச் சார்ட் காட்டும். சில செயலிகள் டிவிடெண்டைச் சரிக்கட்டுகின்றன, சில விட்டுவிடுகின்றன. என்எஸ்இ தளத்தில் அந்தப் பங்கின் கார்ப்பரேட் நடவடிக்கைப் பட்டியலை எடுத்து, உடைந்த தேதியோடு ஒப்பிடுங்கள். தேதி பொருந்தினால் அந்த உடைவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஸ்பாட்டா, ஃப்யூச்சரா? பட்டையை ஸ்பாட்டில் வரைந்துவிட்டு உடைவை ஃப்யூச்சர் சார்ட்டில் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் சில பத்துப் புள்ளிகள் விலகி நிற்கும். ஒரு மாத ஒப்பந்தத்தில் இருந்து அடுத்த மாதத்துக்கு மாறும் நாளில் தொடர் ஃப்யூச்சர் சார்ட் தானாகவே ஒரு குதி குதிக்கும். பட்டை, உடைவு, ரீடெஸ்ட் மூன்றையும் ஒரே சார்ட்டில் பாருங்கள். நான் ஸ்பாட்டில்தான் பார்ப்பேன்.

எந்த முடிவு விலை? நான் உதாரணமாக எடுத்த 2022இல், என்எஸ்இ பங்குகளின் அன்றைய முடிவு விலை கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை அல்ல. கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. அதனால் பதினைந்து நிமிட சார்ட்டின் கடைசி கேண்டில் பட்டைக்குக் கீழேயும், தினசரி கேண்டில் பட்டைக்குள்ளேயும் முடிவது சாத்தியம். உடைவைத் தீர்மானிப்பது தினசரி முடிவு என்று ஒருமுறை வைத்துக்கொண்டால், நடுவில் மாற்றக்கூடாது.

மூன்றையும் பார்த்த பிறகும் இரண்டு சார்ட்டுகள் ஒத்துப்போகவில்லை என்றால் புரோக்கரின் உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள். தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினால் தவறான டிக்கை நீக்கித் தருவார்கள். நீங்களாகக் கோட்டை நகர்த்திச் சரிக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி 2: பட்டையைத் தாண்டிக் குத்தியது, ஸ்டாப்லாஸ் அடித்தது, அப்புறம்தான் விழுந்தது

அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். கணிப்பு சரி, காசு போச்சு.

ஸ்டாப்லாஸ் பட்டையின் உச்சியிலேயே ஒட்டியிருந்தது. பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். விலை பட்டைக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதற்கு எல்லை கிடையாது. பட்டைக்கு மேலே கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவதும் சகஜம். அந்தப் பங்கின் ஒருநாள் சராசரி வீச்சில் பாதியைப் பட்டையின் உச்சிக்கு மேலே கூட்டி, அங்கே ஸ்டாப்லாஸ் வைப்பது என் பழக்கம்.

"அப்படி வைத்தால் நஷ்டம் பெரிதாகுமே" என்பார்கள். நஷ்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது எண்ணிக்கையால். ஸ்டாப்லாஸை நெருக்கி அதைச் செய்யக்கூடாது. ஒரு கற்பனைப் பங்கு, பட்டை 390 முதல் 396. ஒருநாள் வீச்சு 12 ரூபாய். 391இல் ஷார்ட். ஸ்டாப்லாஸை 397இல் வைத்தால் தூரம் 6 ரூபாய், 402இல் வைத்தால் 11 ரூபாய். இழக்கத் தயாராக இருக்கும் தொகை 5,000 என்றால், முதல் வகையில் 833 பங்கு, இரண்டாவதில் 454 பங்கு. இழப்பு இரண்டிலும் அதே 5,000தான். ஆனால் முதலாவது ஸ்டாப்லாஸை ஒரு சாதாரண நாளின் ஆட்டமே தூக்கிவிடும்.

தொட்ட உடனே நுழைந்தீர்கள். பட்டையின் அடியை விலை தொட்டது வெறும் வருகைப்பதிவு. மறுப்பு வந்ததா என்பது அன்றைய முடிவில்தான் தெரியும். பட்டைக்குள் நுழைந்த நாள் பட்டைக்குக் கீழே, அதுவும் அன்றைய வீச்சின் கீழ்ப் பாதியில் முடிந்தால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். நாள் பட்டைக்குள்ளேயே முடிந்தால் தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று அர்த்தம், மறுநாள் வரை காத்திருங்கள்.

கேஷ் பிரிவில் ஷார்ட் போய் இரவு வைத்திருக்க நினைத்தீர்கள். இது சார்ட்டில் உள்ள பழுது இல்லை, ஆனால் பணத்தை அதிகம் தின்னும். கையில் இல்லாத பங்கை கேஷ் பிரிவில் விற்றால் அன்றே திரும்ப வாங்கிவிட வேண்டும். முடியாமல் போனால், அப்பர் சர்க்யூட் விழுந்த நாளில் இது நடக்கும், பங்கு ஏலத்துக்குப் போகும். அந்த ஏல விலை உங்கள் ஸ்டாப்லாஸைச் சட்டை செய்யாது. பல நாள் ரீடெஸ்ட்டை விளையாட ஃப்யூச்சரோ புட் ஆப்ஷனோ வேண்டும். அவை இல்லாத பங்குகளில் ரீடெஸ்ட்டின் ஒரே பயன், ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டதை விற்று வெளியேறுவது. குறைவான பயன் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான முதலீட்டாளர்களுக்கு அதுதான் வேண்டியது.

## அறிகுறி 3: தொட்டது, சறுக்கியது, மறுப்பு அருமையாக இருந்தது. இரண்டே நாளில் திரும்பி மேலே ஓடிவிட்டது

ஜூன் 2022 இதற்காகவே நடந்ததுபோல் இருக்கும். நாள்வாரியாகப் பார்ப்போம்.

ஜூன் 13, 14, 15 மூன்று நாளும் நிஃப்டி பட்டையை ஒட்டியே முடிந்தது. 15ஆம் தேதி இரவு நம் நேரப்படி அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 0.75 சதவீதம் கூட்டியது. 16 வியாழன் காலை நிஃப்டி 15,830ஐ ஒட்டி உயர்ந்து திறந்து, அன்றே 15,360இல் முடிந்தது. பட்டைக்கு 300 புள்ளிகள் கீழே. இது உடைவு, சந்தேகமே இல்லை. மறுநாள் 15,183 வரை இறங்கியது. அதுதான் உடைவின் அடி.

20 திங்கள் பெரிதாக நகரவில்லை. 21 செவ்வாய் கிட்டத்தட்ட 290 புள்ளிகள் ஏறியது, உச்சம் 15,707, முடிவு 15,638. பட்டையின் அடிப்பாகத்தில் முட்டிவிட்டு அதற்குக் கீழே முடிந்தது. 22 புதன் 225 புள்ளிகள் சரிந்து 15,413இல் முடிந்தது. பாடப்புத்தகத்தில் போடும் படம் மாதிரியான மறுப்பு. அன்று மாலை யாரைக் கேட்டாலும் அடுத்து 15,000தான் என்பார்கள்.

அப்புறம் 23 அன்று 15,556. 24 வெள்ளி 15,699, அதாவது மறுபடி பட்டைக்குள். சனி, ஞாயிறு கழிந்து 27 திங்கள் காலை 15,926இல், பட்டையைத் தாண்டி, கேப் அப்பாகத் திறந்தது. ஆகஸ்ட் நடுவில் நிஃப்டி 17,900ஐத் தாண்டியிருந்தது.

இந்த அறிகுறிக்கான காரணங்களை எளியதில் இருந்து வரிசையாகப் பார்க்கலாம்.

வந்த வேகத்தைப் பார்க்கவில்லை. ரீடெஸ்ட்டுக்கு விலை எப்படி ஏறி வருகிறது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. வலுவில்லாத ஏற்றம் சின்னச் சின்னக் கேண்டில்களாக, ஒன்றன் மேல் ஒன்று படிந்து, தயங்கித் தயங்கி வரும். ஜூன் 21 அப்படி இல்லை. ஒரே நாளில் இரண்டு நாள் இழப்பில் பெரும்பகுதியை மீட்டு, அன்றைய உச்சிக்குப் பக்கத்தில் முடிந்தது. இப்படி வருகிற ரீடெஸ்ட்டில் முதல் மறுப்பை நம்பி முழு அளவில் இறங்க மாட்டேன், பாதிதான்.

உடைவு ஆழமாக இல்லை. பட்டையின் அடி 15,670, உடைவின் அடி 15,183. மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டிய இறக்கம். அந்த மாதத்தில் நிஃப்டி ஒரு நாளில் 200 முதல் 300 புள்ளிகள் ஆடுவது சாதாரணம் என்பதால், இது இரண்டு நாள் ஆட்டத்துக்குச் சமம். இவ்வளவு சின்ன இறக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பெரிய வலி இல்லை. திரும்பி வந்தால் போதும், விற்றுவிட்டு ஓடலாம் என்று காத்திருப்பவர்கள் குறைவு. அவர்கள் விற்கவில்லை என்றால் பட்டைக்கு ரெசிஸ்டன்ஸாக நிற்க வலு எங்கிருந்து வரும்?

மறுப்பைப் பார்த்தீர்கள், தொடர்ச்சியைப் பார்க்கவில்லை. என் அனுபவத்தில் இதுதான் உண்மையான பழுது, பணத்தை அதிகம் தின்பதும் இதுதான். ரீடெஸ்ட் வென்றதா என்பது பட்டையில் முடிவாவது இல்லை. உடைவின் அடியில் முடிவாகிறது. மறுப்பு உண்மையானால், விற்பவர்கள் விலையைப் பழைய அடிக்குக் கீழே தள்ளியே ஆகவேண்டும். ஜூன் 22, 23 இரண்டு நாளும் நிஃப்டி 15,183இன் பக்கத்திலேயே போகவில்லை. அதற்கு 150 புள்ளிக்கும் மேலே வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். உடைவின் அடியில் இருந்து பட்டையைத் தொட எத்தனை வர்த்தக நாள் ஆனதோ, அதோடு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். மறுப்பு வந்த நாளில் இருந்து அத்தனை நாளுக்குள் பழைய அடி உடையவில்லை என்றால் வெளியேறுங்கள். அதற்குள் விலை மறுபடி பட்டைக்குள் முடிந்தால், கெடு வரை காத்திருக்காமல் அன்றே வெளியேறுங்கள். இது என் கைவிதி, எந்தப் புள்ளிவிவரமும் இதற்குப் பின்னால் இல்லை. ஆனால் ஜூன் 2022இல் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

17ஆம் தேதி அடி, 21ஆம் தேதி தொடுதல். இடையில் இரண்டு வர்த்தக நாள், ஆக கெடு மூன்று நாள்: 22, 23, 24. ஒருவர் 21 மாலை 15,640இல் ஒரு லாட் ஷார்ட் போனார், ஸ்டாப்லாஸ் 15,800 என்று வைத்துக்கொள்வோம். அப்போது லாட் 50. எளிமைக்காக ஸ்பாட் எண்களையே எடுக்கிறேன். திட்டமிட்ட நஷ்டம் 160 புள்ளி, அதாவது 8,000 ரூபாய். 24 வெள்ளி மாலை கெடுவும் முடிந்தது, விலையும் பட்டைக்குள் முடிந்தது. அங்கேயே வெளியேறியிருந்தால் 60 புள்ளி, 3,000 ரூபாய் நஷ்டம். ஸ்டாப்லாஸை நம்பி வார இறுதியைக் கடந்திருந்தால், திங்கள் காலை 15,926இல்தான் முதல் விலையே. 286 புள்ளி, 14,300 ரூபாய். ஸ்டாப்லாஸ் இருந்தது, ஆனால் அது நிற்கும் இடத்தில் வர்த்தகமே நடக்கவில்லை.

22 மாலை மறுப்பு உறுதியான பிறகு 15,413இல் நுழைந்தவரின் நிலை இன்னொரு வகை. அவருடைய ஸ்டாப்லாஸ் 387 புள்ளி தூரத்தில், பழைய அடியோ 230 புள்ளி தூரத்தில். வெல்வதைவிட இழப்பது அதிகம் என்று நுழையும் முன்பே தெரிந்துவிடுகிற வர்த்தகம் அது. மறுப்பு நாள் ரொம்ப நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள், பேருந்து போய்விட்டது.

ஒரு விஷயம் பாக்கி. பட்டை மீண்டும் சப்போர்ட் ஆகிவிட்டதா என்பதற்கும் இதே பார்வைதான். ஜூலை 1 அன்று பெட்ரோல், டீசல் ஏற்றுமதி மீது அரசு வரி போட்டதும் ரிலையன்ஸ் விழுந்து, நிஃப்டி 15,511 வரை இறங்கியது. பகல் நேரத்தில் சார்ட்டைப் பார்த்தவர் "மறுபடி உடைந்தது" என்றுதான் நினைத்திருப்பார். அன்றைய முடிவு 15,752, பட்டைக்கு மேலே. அன்று ஷார்ட் போனவர்களுக்கு ஜூலை நன்றாக இருக்கவில்லை.

## அறிகுறி 4: ரீடெஸ்ட்டுக்குக் காத்திருந்தேன், வரவே இல்லை

உங்கள் பட்டை சரியான இடத்தில் இல்லை. சில நேரம் விலை ரீடெஸ்ட் செய்துவிட்டுத்தான் போயிருக்கும், நீங்கள் பார்த்த இடத்தில் செய்யவில்லை. அடிகளைத் திரும்ப எண்ணுங்கள். பட்டைக்குக் கொஞ்சம் கீழே ஒரு முழு எண்ணோ, உடைவு நாளில் விழுந்த கேப்போ இருந்தால் விலை அங்கேயே முட்டித் திரும்பியிருக்கும்.

விற்பவர்கள் காத்திருக்கவில்லை. இதற்கு 2013இன் தங்கத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 2011 செப்டம்பர், 2011 டிசம்பர், 2012 மே என்று மூன்று முறை 1,520 முதல் 1,535 டாலர் வரையிலான பட்டையில் இருந்து எழுந்தது. 2013 ஏப்ரல் 12 வெள்ளியன்று அது உடைந்தது. திங்களன்று ஒரே நாளில் ஏறக்குறைய 9 சதவீதம் விழுந்தது. 16ஆம் தேதி அடி 1,321 அருகே. பட்டையில் இருந்து 13 சதவீதம் கீழே.

பிறகு ஏறியது. ஏப்ரல் கடைசியில் 1,480களில் முட்டியது, மே 3 அன்று மறுபடி 1,488 பக்கம் முட்டியது. 1,520இல் விற்கலாம் என்று உத்தரவு போட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூன் 28 அன்று விலை 1,180. அந்த 1,520 பட்டையை டாலர் தங்கம் திரும்ப எட்டியது 2019 ஆகஸ்ட்டில்.

நிஃப்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழமான உடைவு, மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம், அவர்கள் பழைய விலை வரும்வரை காத்திராமல் முன்னாடியே விற்கிறார்கள். ஆழமான உடைவுக்குப் பின் ரீடெஸ்ட் குறையாக நிற்பதும், ஆழமில்லாத உடைவுக்குப் பின் ரீடெஸ்ட் தோற்பதும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஜோடி.

இதற்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான். பட்டைக்குக் கீழே இரண்டு முறை ஒரே இடத்தில் முட்டினால், அந்த இடத்தைப் புது ரெசிஸ்டன்ஸாக எடுத்துக்கொண்டு ஸ்டாப்லாஸை அதற்கு மேலே வைக்கலாம். பங்கைப் பிடித்துக்கொண்டு "வாங்கின விலை வரட்டும்" என்று காத்திருப்பவர் என்றால், பாதியை அந்த இரண்டாவது முட்டலிலேயே விற்றுவிடுங்கள். விழுந்து முடிந்த பிறகு, ரீடெஸ்ட் வராத ஆத்திரத்தில் 1,200இல் ஷார்ட் போகாதீர்கள்.

நீங்கள் பார்த்தது வேறு நாணயத்தின் சார்ட். நம்மூரில் தங்கம் பார்க்கிறவர்களுக்கு இது மிக விலை உயர்ந்த பிழை. அதே 2013இல் ரூபாய் மளமளவென்று சரிந்தது, ஆகஸ்ட் கடைசியில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதி வரி அந்த ஆண்டிலேயே படிப்படியாக 10 சதவீதமானது. விளைவு, டாலர் தங்கம் ஆகஸ்ட் இறுதியில் 1,430 பக்கம்தான், பட்டைக்கு வெகு கீழே. ஆனால் எம்சிஎக்ஸில் 10 கிராம் விலை 35,000ஐ ஒட்டிப் புது உச்சம் தொட்டது. டாலர் சார்ட்டின் ரெசிஸ்டன்ஸை நம்பி ரூபாய்த் தங்கத்தை ஷார்ட் போனவர் கதி என்ன ஆகியிருக்கும்? எந்த நாணயத்தில் வர்த்தகமோ, அந்தச் சார்ட்டிலேயே பட்டை வரைய வேண்டும்.

## அறிகுறி 5: பட்டைக்கு வந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது

மூன்று நான்கு நாள் பட்டைக்குள்ளேயே முடிகிறது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இதற்கு அதிக ஆராய்ச்சி தேவையில்லை. ரெசிஸ்டன்ஸ் என்றால் விலையைத் தள்ள வேண்டும், உட்கார இடம் கொடுக்கக்கூடாது. வெளியே இருங்கள். ஏற்கெனவே ஷார்ட்டில் இருந்தால் பாதியைக் குறையுங்கள்.

பங்காக இருந்தால் ஒன்று பார்க்கலாம். என்எஸ்இ தினமும் டெலிவரி எண்ணிக்கையை வெளியிடுகிறது. உட்கார்ந்திருக்கும் நாட்களில் மொத்த வால்யூம் குறைந்தும் டெலிவரி விகிதம் கூடியும் வந்தால், யாரோ அமைதியாக வாங்கிச் சேர்க்கிறார்கள் என்று சந்தேகப்படுவேன். குறியீட்டில் இந்தச் சோதனை வேலை செய்யாது. ஒப்பந்தம் முடியும் வாரத்திலும் வேண்டாம், அப்போது விலை ஏதாவது ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணங்கள் இருக்கும்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

தரவு கோளாறு, உத்தரவு நிறைவேறாதது, ஏலத்துக்குப் போன பங்கு இவையெல்லாம் புரோக்கர் வேலை. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். கான்ட்ராக்ட் நோட்டும் உத்தரவுப் பதிவும் கையில் இருக்கட்டும், சார்ட் படம் அங்கே செல்லாது.

மேலே சொன்ன சோதனைகளை முறையாகச் செய்தும் ரீடெஸ்ட் வர்த்தகங்கள் தொடர்ந்து நஷ்டத்திலேயே முடிந்தால், செபியில் பதிவுபெற்ற ஆய்வாளரிடமோ ஆலோசகரிடமோ உங்கள் வர்த்தகப் பட்டியலைக் காட்டுங்கள். ஆய்வாளரின் பதிவு எண் INH என்றும், முதலீட்டு ஆலோசகருடையது INA என்றும் தொடங்கும். செபி தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். டெலிகிராமில் "ரீடெஸ்ட் கால்" விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கடன் வாங்கியோ, மார்ஜின் பற்றாக்குறையோடோ பொசிஷனைப் பிடித்திருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் உதவாது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர், ஆப்ஷன் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவர் முதலில் பொசிஷனை மூடிவிட வேண்டும். பட்டை எங்கே இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.